பதினைந்து விநாடி, ஐம்பது விநாடி

அன்று பதினொரு மணிக்குக் கட்டட மேலாளர் வந்து எங்கள் எஸ்பிரெசோ காபியைக் குடித்துப் பார்ப்பதாக இருந்தது. பிடிக்காவிட்டால், வரவேற்பறையில் எங்கள் கடை இருக்கும் மூலைக்குப் பொத்தான் அமுக்கினால் காபி ஊற்றும் இயந்திரம் வந்துவிடும்.

பத்தே முக்காலுக்கு ஒரு வாய் குடித்தேன். முகம் தானாகச் சுருங்கியது.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா?" என்றேன் மச்சானிடம். அவன் என் மனைவியின் தம்பி.

"நான் ஏன் மாமா பிழியப்போறேன்? புது மூட்டைக் கொட்டை. வறுவல் இளசு."

பதினெட்டு கிராம் தூள். முப்பத்தாறு கிராம் காபி பதினைந்தே விநாடியில் கொட்டி முடிந்திருந்தது. முப்பதுக்குப் பக்கமாவது வர வேண்டும். தண்ணீர் அவசரமாக ஓடினால் புளிப்பைத்தான் முதலில் இழுத்து வரும். இனிப்பு இறங்குவதற்குள் கோப்பை நிறைந்துவிடும்.

தூளின் நுணுக்கத்தை மாற்றும் அரைவை மெஷின் திருகைப் பார்த்துக்கொண்டவள் என் மனைவி. அவள் இறந்து எட்டு மாதம். நாங்கள் ஒருவர் முன்னால் ஒருவர் அதைத் தொடுவதில்லை.

மச்சான் பால் எடுக்கப் போனான். தூள் இன்னும் பொடியாக விழும்படி திருகை இரண்டு கோடு நுணுக்கினேன். குழாயில் தங்கிய பழைய தூள் போகட்டும் என்று ஒரு கை அரைத்துக் கொட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். அந்த நேரத்தில் அவன் வந்து இருபது கிராம் போட்டு அமுக்கியிருக்கிறான். எனக்குத் தெரியாது.

சொட்டு. இன்னொரு சொட்டு. ஐம்பது விநாடி.

"மாமா, இது காபியா, கஷாயமா?"

ஒரே கசப்பு. நாக்கு வறண்டது. அதிகம் நுணுக்கிவிட்டோம் என்று நான் நினைத்தேன். அதிகம் போட்டுவிட்டோம் என்று அவன் நினைத்தான். அவன் கோப்பை கழுவப் போனதும் நான் நைசாகப் பழைய கோட்டுக்குத் திருப்பி ஒரு கை அரைத்துக் கொட்டினேன். அவன் நைசாகப் பதினெட்டுக்கு இறங்கினான்.

பதினைந்து விநாடி. எலுமிச்சம்பழம்.

"மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு."

"நீ என்ன பண்ணே?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

மணி பத்து ஐம்பத்தாறு.

"ரெண்டு கிராம் கூடப் போட்டேன். அப்புறம் குறைச்சுட்டேன்."

"நான் ரெண்டு கோடு நுணுக்கினேன். அப்புறம் திருப்பிட்டேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"நீ சொன்னியா?"

"அக்கா திருகு. உங்க முன்னாடி அதைத் தொட வேணாமேன்னுதான் தூள்ல கை வெச்சேன்."

"நானும் நீ போனப்புறம்தான் தொட்டேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். தூள் தூசி என்றான்.

"ரெண்டையும் சேர்த்து மாத்தக் கூடாது," என்றேன். "தூள் பதினெட்டுலயே இருக்கட்டும். திருகு மட்டும் ரெண்டு கோடு. நீயே திருப்பு."

"நானா?"

"நேரமில்லடா."

திருப்பினான். ஒரு கை கொட்டினான். பதினெட்டு போட்டான். காபி மெல்லிய இழையாக இறங்கியது. இருபதாவது விநாடியில் மேலாளர் வந்து நின்றார். இருபத்தொன்பதில் நிறுத்தினேன். முப்பத்தாறு கிராம்.

குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"சர்க்கரை போட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தப் பொத்தான் மெஷின்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒரு காபி குடிச்சுட்டுப் போகச் சொல்லுங்க சார்," என்றான் மச்சான்.

அவர் காலிக் கோப்பையை எங்கள் பக்கம் நீட்டினார். மச்சான் அரைத்துத் தராசில் வைத்தான்.

"பதினெட்டு மாமா," என்றான், தெருவுக்கே கேட்கும்படி.