தள்ளுபடிக்குச் சொன்ன நம்பர்

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் குழந்தை தவறிப்போய் மூன்று வாரம் ஆகியும் தங்கையின் போனில் தொட்டில் விளம்பரம் நின்றபாடில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு போன் போட்டு விற்கும் டெலிகாலர் வேலை பார்க்கும் அக்கா போனைப் பிடுங்கினாள். கர்ப்பகால ஆப்பை நீக்கினாள். செட்டிங்ஸில் விளம்பர ஐடியையும் அழித்தாள்.

"இந்த ஐடியை வெச்சுத்தான் நீ எந்த ஆப்ல என்ன பார்க்கறேன்னு விளம்பரக் கம்பெனிங்க கோத்து வெச்சிருந்தானுங்க, பாழாப்போறவனுங்க! இனிமே அந்த நூல் அறுந்துடும்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அக்காவே எடுத்தாள்.

"வாழ்த்துகள் மேடம்! குட்டிப் பாப்பாவுக்கு டயப்பர்..."

"இந்த நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்று சீறினாள்.

"குழந்தைத் துணிக்கடை லிஸ்ட்ல இருக்கு மேடம். தள்ளுபடிக்குக் கொடுத்திருக்கீங்க."

அக்காவுக்கு அந்தக் கடை நினைவுக்கு வந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் சட்டை வாங்கிய அன்று, பில் போடும் இடத்தில், தன் நம்பரைக் கொடுத்தால் தொல்லை என்று தெரிந்தே தங்கையின் நம்பரைச் சொன்னது அவள்தான். ஐடியை அழிக்கலாம், கைமாறிப்போன நம்பரை எந்த செட்டிங்ஸில் போய் அழிப்பது?

"லிஸ்ட்லேருந்து எடுத்துடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என் நம்பரை யாரு கொடுத்தது, அக்கா?" என்றாள் தங்கை.

வேலையில் தினம் நூறு பேர் அக்காவிடம் கேட்கும் கேள்வி. வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:

"தெரியாதும்மா."