தங்கத்தைத்தான் முதல்ல வெட்டினேன்

எங்க அலுவலகத்துல எனக்குக் கத்தரின்னு பேரு. முகத்துக்கு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க, முதுகுக்குப் பின்னாடிதான். பங்குத் தரகு நிறுவனத்துல யார் கணக்குல பிணைப் பணம் குறையுதுன்னு பார்க்கிறது என் வேலை. குறைஞ்சா போன் பண்ணுவேன். கெடுவுக்குள்ள பணம் வரலைன்னா அவங்க சரக்கை வித்துக் குறையை அடைப்பேன். நான் என்ன ஆசைப்பட்டா வெட்டுறேன்? என் வாய் கொஞ்சம் நீளம், அதனால பேரு ஒட்டிக்கிச்சு.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் எல்லாம் சரசரன்னு சரிஞ்சுது. பக்கத்து நாற்காலிக்காரர் வாயில வச்ச டீயை முழுங்கவே மறந்துட்டார். அந்தக் களேபரத்துல என் நாத்தனார் போன் பண்ணி கலகலன்னு சிரிக்கிறாங்க.

"பார்த்தியாடி, ஊரே இடியுது, என் தங்கம் ஏறுது!"

என் வீட்டுக்காரரோட அக்கா. அண்ணின்னுதான் கூப்பிடுவேன். சலவைக்கடை வச்சிருக்காங்க, வாடகைக் கட்டடம். துணி தேய்ச்சுத் தேய்ச்சு சேர்த்த காசையெல்லாம் எங்ககிட்டதான் தங்கமா வாங்கி வச்சிருந்தாங்க, கையில பிடிக்கிற தங்கம் இல்ல, கணக்குல நிக்கிற தங்கம். கட்டடத்தோட ஓனர் அதை விக்கிறேன்னு சொல்லி, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டினா உங்களுக்கு, இல்லைன்னா வேற ஆளுக்குன்னு கெடு வச்சிருந்தார். தங்கத்தை வித்தா கட்டடம் கைக்கு வரும், கொஞ்சம் மிச்சம்கூட நிக்கும். இல்லைன்னா வெளியில போகணும். இருபது வருஷத்து வாடிக்கை, கொதிகலன், எல்லாத்தையும் தூக்கிட்டு எங்க போறது?

வினை எங்கேர்ந்து வந்துதுன்னா, அந்த ஓனராலதான் வந்துது. "தங்கம் சும்மா தூங்குதேம்மா, அதைப் பிணையா வச்சு சந்தை ஏறும்னு ஒரு ஒப்பந்தம் போடுங்க, நானும் அங்கதான் கடன்ல பங்கு வாங்கி வச்சிருக்கேன்"னு அவர் ஆசை காட்ட, அண்ணி எனக்குத் தெரியாம எங்க முதலாளிகிட்ட கையெழுத்துப் போட்டுட்டாங்க. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு நான் ஆடின ஆட்டத்துல என் வீட்டுக்காரர் மொட்டை மாடிக்கு ஓடிட்டார். மழைக்குன்னு வாங்கின குடையை அடகு வச்சுட்டு நடுரோட்டுல நின்னா என்ன சொல்றது!

"அண்ணி, சிரிச்சது போதும். அந்த ஒப்பந்தத்தை முடிங்க"ன்னேன்.

"இன்னிக்கு இறங்கினது நாளைக்கு ஏறும். தங்கம் இருக்கில்ல எனக்கு? போடி."

மத்தியானம் தங்கமும் இறங்க ஆரம்பிச்சுது. அண்ணி மறுபடியும் போன். இப்போ சிரிப்பு இல்ல. "என்னடி இது அநியாயம்? ஊரே பயந்தா தங்கத்தைத்தானே வாங்குவாங்க?"

பதில் சொல்ல எனக்கு நேரமே இல்ல. ஏன்னா அந்த நிமிஷம் தங்கத்தை வித்துக்கிட்டு இருந்ததே நான்தான். கடன்ல பங்கு வாங்கினவன் ஒவ்வொருத்தனுக்கும் போன் போடுறேன், பணம் கட்டுங்கன்னு. எவன்கிட்டயும் ரொக்கம் கிடையாது. பங்கை விக்கலாம்னா அதுல பாதிக்கு வாங்க ஆளே இல்ல, விக்கிறவன் வரிசை மட்டும் அனுமார் வாலாட்டம் நீளுது. மிச்சம் என்ன இருக்கு? தங்கம். அதுக்கு எந்த நேரமும் வாங்க ஆள் இருக்கு, போன வருஷம் வாங்கினவனுக்கு லாபத்துலயும் இருக்கு. "அதையே வித்துடும்மா, வேற வழியில்ல"ன்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க. தங்கம் பிடிக்கலைன்னு ஒருத்தர்கூட விக்கல. இங்க நான் ஒருத்தி பண்றதை உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிதி நிறுவனமெல்லாம் மூட்டை மூட்டையா பண்ணுது. அப்புறம் விலை எங்க நிக்கும்?

ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. "அக்கா கடை என்ன ஆகும்?"னு வீட்டுக்காரர் கேட்டார். "என்னைக் கேட்டா? நான் என்ன குறி சொல்றவளா?"ன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம் அவரு.

செவ்வாய்க்கிழமை சந்தை இன்னும் மோசம், தங்கம் அதோட சேர்ந்து இன்னும் கீழே. ஒரு பக்கம் அண்ணியோட ஒப்பந்தத்துல நஷ்டம் ஏறுது, இன்னொரு பக்கம் பிணையா வச்ச தங்கத்தோட மதிப்பும் தேயுது. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அண்ணி பேரும் என் பட்டியல்ல வந்துடுச்சு. சொந்தக்காரங்க கணக்கை நான் தொடக்கூடாது, அதை முதலாளிகிட்ட தள்ளிட்டேன். அவர் ரெண்டு மணி வரைக்கும் கெடு கொடுத்தார்.

ஒரு மணிக்கே அண்ணி நேர்ல வந்துட்டாங்க. கடையிலேர்ந்து அப்படியே வந்திருக்காங்க, சேலைத் தலைப்புல கஞ்சி வாசனை. கூடத்துல உட்கார இடமில்ல, ஆளாளுக்குப் போனைக் காதுல வச்சுக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாங்க.

"எல்லாத் தங்கத்தையும் வித்துடு. அதுவும் ஏமாத்திடுச்சு. ஒப்பந்தம் இருக்கட்டும், ஏறட்டும்"னு மூச்சு வாங்கச் சொன்னாங்க.

எனக்கு வந்துதே கோபம்! "நல்லா இருக்கு அண்ணி! நோயை வச்சுக்கிட்டு மருந்தைக் கொட்டுறீங்களா? தங்கம் ஒரு தப்பும் பண்ணல. மாட்டிக்கிட்டவங்க விக்கிறாங்க, அதான் இறங்குது. விக்க நினைக்கிறதை இன்னிக்கு விக்க முடியாது அண்ணி, வாங்க ஆள் இருக்கிறதைத்தான் விக்க முடியும்."

"இந்த விக்கிற கூட்டம் எப்போ ஓயும்?"

"தெரியாது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள?"

"சத்தியமா தெரியாது. மாட்டினவங்க எல்லாரும் வித்து முடிச்சா நிக்கும். நாளைக்கேயும் நிக்கலாம், ரெண்டு வாரமும் ஆகலாம்."

அண்ணி என்னையே பார்த்தாங்க. அப்புறம் முதலாளி அறைக்குள்ள போய், "ஒப்பந்தத்தை முடிங்க"ன்னாங்க. நஷ்டத்தை அடைக்கத் தங்கத்துல அஞ்சுல ஒரு பங்கு போச்சு. மிச்சம் பிணையிலேர்ந்து விடுபட்டு அண்ணி பேர்ல நின்னுது. ஆனா இறங்கின விலையில அதைப் போட்டுப் பார்த்தா, கட்டடத்தோட விலையில ஆறுல ஒரு பங்கு துண்டு விழுது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. தண்ணி மிஷின் பக்கத்துச் சுவத்துல சாய்ஞ்சு நின்னவங்க, அழலை, ஆனா தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கிட்டே இருந்தாங்க.

அப்போதான் ஓனர் உள்ளே வந்தார். வழக்கமா இஸ்திரி மடிப்புக் கலையாத மனுஷன். அன்னிக்கு சட்டைப் பொத்தான் ஒண்ணு மாத்திப் போட்டிருந்தார். அவர் அண்ணியைப் பார்க்கல, நேரா என் மேசைக்கு வந்தார்.

"நேத்து என் தங்கம் எல்லாத்தையும்தான் வித்தியேம்மா, இன்னுமா பத்தல?"

"பத்தல சார். பங்கு இன்னும் இறங்கியிருக்கு. நாளை மறுநாள் மத்தியானம் வரைக்கும் கெடு. அதுக்குள்ள வரலைன்னா, வாங்க ஆள் வந்த விலைக்குப் பங்கு முழுக்கப் போயிடும்."

"விக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"ன்னு என்னைக் கேக்கிறாப்ல சுவத்தைக் கேட்டார். திரும்பினார். அண்ணி நிக்கிறாங்க.

நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேனே, அண்ணி முகத்துல அப்படியே ஒரு விளக்கு எரிஞ்சுது. கட்டடத்தை ரெண்டு நாள்ல விக்க முடியுமா? எவன் வந்து பார்த்து, பத்திரம் படிச்சு, பணம் புரட்டுறது? ஊர்லயே ஒரே ஒரு ஆள்தான் இருக்கு, அண்ணி. பத்திரம் எல்லாம் வக்கீல்கிட்ட ஏற்கெனவே தயார். தங்கத்தை இன்னிக்கு வித்தா நாளைக்குப் பணம் கையில.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு சார்? நாளைக்கே தர்றேன்"னாங்க அண்ணி. "ஆனா சொன்ன விலை எங்கிட்ட இல்ல. ஆறுல ஒரு பங்கு குறையுது."

ஓனர் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டார். வேண்டாம்னு சொல்லல. சரின்னும் சொல்லல.

அண்ணி மெதுவா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்கா தெரியாது? விலையில இன்னும் இறங்குவாரா?

இறங்குவார். அவர் குறை எவ்வளவுன்னு என் திரையிலயே இருக்கு. அண்ணி சொன்னதுல பாதி வந்தாலே அவர் பங்கு தப்பிச்சிடும். பாதின்னு கேட்டிருந்தா முனகிக்கிட்டே கொடுத்திருப்பார். பாதித் தங்கம் அண்ணிக்கு மிச்சம்! எரியிற வீட்டுல பிடுங்கினது லாபம்னு சொல்லுவாங்களே, அந்த வீடு என் கண் முன்னாடி எரியுது. எங்களைக் குழியில தள்ளிவிட்ட மனுஷன் வேற. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா ஒருத்தர் கணக்கு இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. கண்ணால சொன்னாலும் சொன்னதுதான். நான் குனிஞ்சு விசைப்பலகையையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"அவ்வளவுதான் சார் இருக்கு. முழுசையும் தர்றேன்"னாங்க அண்ணி.

"சரிம்மா"ன்னார் அவர்.

முதலாளி அண்ணியோட தங்கம் முழுக்க வித்தார். ரெண்டு நாள் சரிவோட அடியில, மாட்டிக்கிட்ட மத்த எல்லார் தங்கத்தோடயும் சேர்த்து. புதன்கிழமை பணம் கைமாறிப் பத்திரம் பதிவாச்சு. ஓனர் பங்கு பிழைச்சுது.

தங்கம் அடுத்த வாரமும் சரிஞ்சுது. அப்புறம் நின்னுது, ஏறுச்சு, திங்கட்கிழமை காலை விலையையும் தாண்டிடுச்சு. தாண்டின அன்னிக்கே அண்ணி போன் பண்ணித் திட்டினாங்க. "வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமாடி?"

"கடை போயிருக்கும்"னேன்.

"அதுவும் சரிதான்"னு வச்சுட்டாங்க.

போன ஞாயிறு கடைக்குப் போனேன். உள்ளே ஆவி. அண்ணி ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. இவ்வளவு நாளா நெஞ்சுல முள்ளா நின்னதைக் கேட்டுட்டேன். "அண்ணி, அன்னிக்கு என்னைப் பார்த்தீங்களே, நான் ஒண்ணும் சொல்லலைன்னு கோபமா?"

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சாங்க.

"நீ யாரு? ஊர் வம்பையெல்லாம் பேசுறவ. இறங்க மாட்டார்னா, மாட்டார் அண்ணின்னு நீ தலையாட்டியிருப்பே. குனிஞ்சுட்டே பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு, பாதிக்குக் கேட்டாலும் கொடுப்பார்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "தெரிஞ்சுமா முழுசையும் கொடுத்தீங்க? அண்ணி, உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அந்தத் தண்ணி மிஷின் பக்கத்துல நான் நின்னேன்ல. அப்போ என் தங்கத்தை இறங்கின விலைக்கு எவன் வாங்கினானோ, அவனை நினைச்சு வயிறெரிஞ்சேன்டி. அதே வயித்தெரிச்சலை அவருக்குக் கொடுத்து வாங்கின கடையில நான் எப்படி தினமும் நிக்கிறது?"

சட்டையை மடிச்சாங்க. காலர்ல பேர்ச் சீட்டு குத்தியிருந்துது. ஓனரோடது.