தெரிந்தே விட்ட குறை

பிரவின்ராஜின் குரலைக் கேட்கக் கேட்கக் கோகிலாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. போன வாரம் அவன் ஆன்லைனில் நடத்திய டெமோவின் பதிவு எதிரே ஓடிக்கொண்டிருந்தது. செல்வமணி அண்ணாச்சியின் கம்பெனி, ரத்தப் பரிசோதனை லேப்களுக்கென்று ஒரு சாப்ட்வேர் செய்து விற்கிறது. 'மணி லேப்' என்று பெயர். அதன் புதிய வெர்ஷனைத்தான் சங்கரன்கோவில், திருவேங்கடம் சுற்றுவட்டார லேப்காரர்களுக்கு அவன் காட்டினான். அண்ணாச்சிக்கு மச்சான்; விற்பனை அவன் பொறுப்பு. கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் விற்கக்கூடிய வாய்.

அந்த வாயிலிருந்து வந்ததையெல்லாம் சலித்து, புது வெர்ஷனோடு லேப்களுக்குப் போகும் குறிப்பாக எழுதுவது கோகிலாவின் வேலை. மூன்று தலைப்பு. புதிய வசதிகள், தெரிந்த குறைகள், சரிசெய்து தருவதாகச் சொன்னவை. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் டெமோ கொடுக்கிறவன் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து ஊட்டிவிடுவான். வீடியோவோடு தானாக வரும் எழுத்துவடிவமும் உதவாது. நெல்லைப் பேச்சைக் கேட்டு அது பாதியைக் கோட்டைவிட்டிருக்கும். அதனால் கோகிலா காதால் கேட்டு, நிமிடத்தைக் குறித்து, ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். திரையில் ஓடிக் காட்டியது என்றாலும் உடனே வசதி என்று எழுதிவிட மாட்டாள். டெமோ ஓடியது டெஸ்ட் காப்பியில். லேப்களுக்குப் போகப்போகிற காப்பியில் தானே போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் போனது, எழுதினாள். மாதவாரியாகச் சர்க்கரை அளவைக் கோடு போட்டுக் காட்டும் படம் டெஸ்ட் காப்பியில் மட்டும்தான் வந்தது. வெட்டினாள்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒரு பெண்குரல் வந்தது. ராஜதுரை என்பவரின் லேபில் ரத்தம் எடுத்து, பதிந்து, ரிப்போர்ட் அடிப்பது வரை எல்லாம் பார்க்கும் இசக்கிச்செல்வி.

"தம்பி, ஒரு சந்தேகம். எங்க ஊர்ல தாத்தா பேரைத்தான் பேரனுக்கு விடுவாவ. வீட்டுக்கே ஒரு போன் நம்பர்தான் குடுப்பாவ. தாத்தாவும் ஆறுமுகச்சாமி, பேரனும் ஆறுமுகச்சாமி. ரெண்டு பேரையும் பதிஞ்சு காட்டுங்க."

பிரவின்ராஜ் சிரித்துக்கொண்டே பதிந்தான். தாத்தா, வயது எழுபது. அடுத்து அதே நம்பரும் பெயரும் அடித்து, வயது ஒன்பது என்று போட்டான். திரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரனைத் தாத்தாவின் பக்கத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டு ரத்தக் குப்பிக்கும் ஒரே எண்ணில் லேபிள் போட்டுவிட்டது. சட்டென்று அவன் வேறு பக்கத்தைத் திறந்தான்.

"அது டெமோ டேட்டாங்கதால அப்படி வருதுக்கா. வெர்ஷன் உங்க கைக்கு வாறதுக்குள்ள சரியாயிரும். நான் பொறுப்பு."

கோகிலா நிறுத்தினாள். லேப்களுக்குப் போகும் காப்பியைத் திறந்து அதே போல் பதிந்தாள். தாத்தாவும் பேரனும் அங்கேயும் ஒன்றானார்கள். சாப்ட்வேருக்குக் கோடிங் எழுதும் வேல்ராஜ் பக்கத்து மேஜையில்தான் இருந்தான்.

"அது அடுத்த வெர்ஷன்லதான் வரும்" என்றான் அவன். "பிரவின்ராஜ்ட்ட அன்னைக்கே சொல்லியாச்சு."

அவள் எழுதினாள். தெரிந்த குறைகளில் முதலாவதாக: ஒரே போன் நம்பரில் ஒரே பெயருள்ள இருவரைப் பதிந்தால், இருவரின் முடிவுகளும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடும். இது சரியாகும் வரை, இரண்டாமவரைப் போன் நம்பர் இல்லாமல் பதியவும். மூன்றாவது தலைப்பில், டெமோவில் பிரவின்ராஜ் சொன்ன வாக்கையும், அது இந்த வெர்ஷனில் நிறைவேறவில்லை, அடுத்ததில் வரும் என்பதையும் எழுதினாள்.

செல்வமணி அண்ணாச்சி வாசித்துவிட்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? சொந்தக் காசுல சூனியம் வச்ச மாதிரில்லா இருக்கு. இதப் படிச்சா எவன் புதுசுக்கு மாறுவான்?"

"அண்ணாச்சி, ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தருக்குப் போயிரும். டெமோலயே தெரிஞ்சிருக்கு. லேப்காரங்க கேட்டிருக்காவ."

"கேட்டவளுக்குப் பதில் சொல்லியாச்சுல்லா? அப்புறம் என்ன?" பேசிக்கொண்டே கீபோர்டைத் தட்டினார். வாக்கைப் பற்றிய வரி அழிந்தது. குறையாக இருந்த வரி மேலே ஏறியது. புதிய வசதிகள்: போன் நம்பரும் பெயரும் அடித்தால் போதும், பழைய நோயாளியைச் சாப்ட்வேர் தானே கண்டுகொள்ளும்.

கோகிலாவுக்கு அவர் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். பூசணிக்காயையே சோறு என்று பரிமாறுகிறவரை இன்றுதான் பார்க்கிறாள்.

"அப்படின்னா எம்பேர எடுத்துருங்க. தயாரிப்பு கோகிலான்னு போடக்கூடாது."

"எடுக்குதேன், எடுக்குதேன். போம்மா."

எடுக்கவில்லை. அன்று சாயந்திரமே எல்லா லேப்களுக்கும் குறிப்பு போனது, அடியில் அவள் பெயரோடு. அவள் கத்தினாள். வேல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். கத்திய மறுநாளும் அவள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வேலையை விடுவதா என்று யோசித்துக்கொண்டே அந்த வாரம் போயிற்று.

அடுத்த வாரம் இசக்கிச்செல்வி போன் பண்ணினாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"ஏட்டி, கோகிலான்னு அடியில போட்டிருக்கியே, அது நீதான? குறைன்னு ஒரு வரி இல்ல. சரி, சொன்ன மாதிரி சரி பண்ணிட்டாவன்னு நம்பித்தானட்டி பதிஞ்சேன். மேலநீலிதநல்லூர்லேருந்து ஒரு தாத்தாவும் பேரனும் வந்தாவ. தாத்தாவோட சர்க்கரை முந்நூத்திச் சொச்சம் பேரன் ரிப்போர்ட்ல போயிட்டு. ஒம்பது வயசுப் பிள்ளைக்கிச் சர்க்கரைன்னு அந்தத் தாய் அழுத அழுகை இருக்கே! திருநெல்வேலி வரைக்கும் தூக்கிட்டு ஓடியிருக்கா. அங்க குத்திக் குத்திப் பாத்து, ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருக்காவ. இங்க என்னைய வேலைக்கி வராதன்னுட்டாவ."

கோகிலாவுக்கு 'நான் எழுதியது வேறு' என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தத் தாய்க்கு அது எதற்கு?

மறுநாள் காலை ராஜதுரையின் லேபில் எல்லோரும் கூடினார்கள். ராஜதுரை கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். செல்வமணி அண்ணாச்சி பிரவின்ராஜோடு வந்திருந்தார். கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்று கோகிலாவையும் கூட்டி வந்திருந்தார். இசக்கிச்செல்வியை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் சுவரோரம் நின்றாள்.

"குறிப்புல தெளிவாப் போட்டிருக்கோம்" என்றார் செல்வமணி. "பழைய நோயாளியை சாப்ட்வேர் தானா கண்டுபிடிக்கும்னு. வயசு ஒத்து வருதான்னு பாக்கவேண்டியது பதியுதவங்க."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் ராஜதுரை. "கண்ண எங்க வச்சிருந்தான்னு கேக்கேன். ஒம்பது வயசுக்கும் எழுபது வயசுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

இரண்டு முதலாளிகளும் ஒரே நொடியில் ஒத்துப்போனதைப் பார்த்ததும் கோகிலாவுக்கு உடம்பெல்லாம் பற்றியது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில், சம்பளத்துக்கு நிற்கிற ஒருத்தியின் தலை மட்டும் உருளுகிறது. அவள் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டெமோப் பதிவை நாற்பத்தோராவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டாள்.

இசக்கிச்செல்வியின் கேள்வி அறை முழுக்கக் கேட்டது. பிரவின்ராஜின் சிரிப்பு கேட்டது. 'நான் பொறுப்பு' என்றதும் கேட்டது. பிரவின்ராஜ் வாசலைப் பார்த்தான்.

"பாத்தீரா வே!" என்று ராஜதுரை மேஜையைத் தட்டினார். "பொறுப்புன்னு சொல்லிட்டு இப்பம் வந்து…"

பதிவு நிற்கவில்லை. பதிவிலிருந்த இசக்கிச்செல்வி விடாமல் கேட்டாள்: "இல்ல தம்பி, சரியான பொறவு ஒருக்கா காட்டுங்க. அதுவரைக்கும் நாங்க பழசுலயே இருக்கோம்." அதன்மேல் இன்னொரு குரல் ஏறி விழுந்தது, ராஜதுரையின் குரல்: "ஏட்டி, சும்மா கெட. எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொல்லிக்கிட்டு. அதெல்லாம் அவ பாத்துக்கிடுவா தம்பி, நீங்க மேல காட்டுங்க."

ராஜதுரையின் கை மேஜையிலேயே கிடந்தது. இந்த இடத்தையும் கோகிலா அன்றைக்கே கேட்டிருந்தாள். அது வசதியும் இல்லை, குறையும் இல்லை, வாக்கும் இல்லை. எந்தத் தலைப்பிலும் அடங்காததால் எழுதாமல் விட்டுவிட்டாள்.

"அத அமத்தும்மா" என்றார் செல்வமணி.

"அமத்து" என்றார் ராஜதுரையும்.

"ஓடட்டும்" என்றாள் இசக்கிச்செல்வி.

ஓடியது. கொஞ்ச நேரம் பிரவின்ராஜ் மட்டும் போனுக்குள்ளிருந்து வாட்ஸ்அப் வசதியைப் புகழ்ந்துகொண்டிருந்தான். ராஜதுரை தொண்டையைக் கனைத்தார்.

"சரி, போனது போவுது. நாளையிலேருந்து வேலைக்கி வந்துரு. நானும் ஒண்ணும் மனசுல வச்சிக்கல."

இசக்கிச்செல்வி அவரைப் பார்க்கவில்லை. கோகிலாவைப் பார்த்தாள்.

"மத்த லேபுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

நேற்றிலிருந்து எல்லோரும் யார் தப்பு என்றுதான் பேசியிருக்கிறார்கள். கோகிலாவும் அதைத்தான் பேசினாள். அவள் முகம் காந்தியது. இவர்கள் மேல் இருந்த கோபம் மொத்தமும் ஒரு சுற்றுச் சுற்றி அவள் மேலேயே வந்து விழுந்தது. போனை எடுத்துத் தன் பழைய குறிப்பைத் தேடினாள். தெரிந்த குறைகளில் முதலாவதை மட்டும் எடுத்து, லேப்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினாள். மேலே சேர்த்தாள்: போன வாரம் வந்த குறிப்பு தவறு. வெர்ஷன் மாற்றிய நாளிலிருந்து ஒரே பெயரில் பதிந்தவர்களை உடனே சரிபாருங்கள்.

"கோகிலா, அனுப்பாத. மொதல்ல நாங்க பேசி முடிவு பண்ணுதோம்." செல்வமணி எழுந்தே விட்டார். "அனுப்புனா ஆபீஸ் பக்கம் வராத, சொல்லிட்டேன்."

"வரல அண்ணாச்சி."

அனுப்பினாள்.

ராஜதுரை ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் செல்வமணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திருவேங்கடத்து லேப். அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓய்ந்ததும் கோகிலாவின் போன் அடித்தது.

அவள் எடுத்தாள். எதிர்ப்புறம் ஒரு பெண்குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "யக்கா, இப்பம் போட்டீயளே… இங்க முத்துமாரியம்மாள்னு ஆச்சியும் பேத்தியும்… ரிப்போர்ட்ட முந்தாநாளே குடுத்துட்டேங்கா."

இசக்கிச்செல்வி சுவரை விட்டு வந்து கோகிலாவின் பக்கத்தில் நின்றாள்.

"என்ன டெஸ்ட்டுன்னு கேளு" என்றாள்.