ஏழாம் இலக்கப் பொருள்

குணலட்சுமியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் காப்புறுதிக் கந்தோருக்கான கடிதத்தைச் சீவரத்தினம் பென்சிலால் எழுதி வைக்க, அவள் அதை மையால் பிரதி எடுப்பதென்று முடிவாயிற்று. அவன் தன் கோழிக் கிறுக்கலிலேயே அதை அனுப்பியிருந்தால் வீட்டில் ஒரு சண்டை குறைந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். மாசி மாதத்தில் இருவரும் அளவெட்டியில் அவளுடைய தாய் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்து வாடகை வீட்டின் கதவைத் திறந்தால் படுக்கையறையில் கணுக்கால் அளவு தண்ணீர். மேலே இருக்கும் தண்ணீர்த் தாங்கியிலிருந்து குளியலறைக்குப் போகும் குழாய் அந்த அறைச் சுவரோடு போகிறது. அது மூட்டில் வெடித்து, தாங்கித் தண்ணீர் முழுவதும் அறைக்குள் இறங்கியிருந்தது. குழாய்க்கு நேர் கீழே அவனுடைய றங்குப் பெட்டி இருந்தது. கலியாணமான புதிதில் அவள் தன் கூறைச்சேலையை அதற்குள்தான் பத்திரப்படுத்தியிருந்தாள்.

வீட்டுக்கார இராசாத்தி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"தம்பி, என்ரை சுவரையும் உங்கடை கடிதத்திலை போட்டு விடுங்கோவன்."

"அது ஏலாதக்கா. எங்கடை காப்புறுதி சாமானுக்கு மட்டுந்தான். சுவரும் குழாயும் உங்கடை பாடு."

"அப்ப சாமான் நனைஞ்சதுக்குக் காசு, சுவர் நனைஞ்சதுக்கு நான் அழுகிறதோ?" என்றபடி அவள் குழாய் வேலை செய்பவனைத் தேடிப் போனாள்.

கடிதம் ஒழுங்காகத்தான் இருந்தது. காப்புறுதிப் பத்திரத்தின் இலக்கம், குழாய் வெடித்ததைக் கண்ட நாள், வீட்டுக்காரருக்கு அறிவித்த விபரம், நனைந்த சாமான்கள் எதையும் எறியாமல் பார்வைக்கு வைத்திருக்கிறோம் என்ற வசனம். பிறகு பட்டியல். மெத்தை, றேடியோ, தையல் மெசின், தலையணைகள், புத்தகங்கள். ஆறாவதாகக் கூறைச்சேலை. அதோடு முடிந்தது.

குணலட்சுமி பேனையை மூடி வைத்தாள்.

"கோட்டை விட்டிட்டியள்."

"எந்தக் கோட்டு?"

"றங்குப் பெட்டிக்குள்ளை அடியிலை கடதாசி சுத்திக் கிடந்தது. கொடியிலை காயுது. நான் இவ்வளவு காலமும் பழைய புத்தகக் கட்டெண்டெல்லோ நினைச்சன்."

யாழ்ப்பாணத்து வெயிலில் கொடி வளைந்து தொங்க, இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு. இந்த ஊரில் எந்தக் குளிருக்கு?

"எழுபத்து நாலிலை நான் லண்டனுக்குப் படிக்கப் போக வெளிக்கிட்டது தெரியுந்தானே. அப்ப வாங்கினது. பிறகு எங்கடை ஐயா செத்துப்போக, பயணமும் நிண்டிட்டுது."

"வாங்கினது ஆர்?"

அவன் வெடித்த குழாயைப் பார்த்தான். "மியூரியல். நுவரெலியாவிலை வாங்கிக் கொண்டு வந்து தந்தவ. பிறகு திருப்பிக் குடுக்கப் போனன். வேண்டாமெண்டிட்டா."

மியூரியலைக் குணலட்சுமிக்குத் தெரியும். வட்டுக்கோட்டையில் படிப்பிக்கிறவள், இன்னும் கலியாணம் செய்யாதவள். பல்கலைக்கழகத்தில் அவன் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்த ஒருநாள் வீட்டுக்கும் வந்திருந்தாள். குணலட்சுமி தேத்தண்ணியோடு நிற்க, "அவவுக்குச் சீனி வேண்டாம்" என்று அவன் சொன்னான். கூடப் படித்தவர்கள், தெரிந்திருக்கும் என்று அன்று விட்டுவிட்டாள். அந்தச் சீனி இப்போதுதான் நெஞ்சில் கரித்தது. ஆறு வருடமாகத் தன் கூறை அவளுடைய கோட்டின் மேல் படுத்துக் கிடந்திருக்கிறது. அவனுக்கு அது தெரிந்தும் இருந்திருக்கிறது.

"விடும் குணம். நூறு கேள்வி கேப்பாங்கள். பற்றுச்சீட்டும் இல்லை."

"உண்மையை எழுதுவம்."

அவள் பேனையைத் திறந்தாள். ஏழு: கம்பளிக் கோட்டு, ஒன்று. கிடைத்த விதம்: 1974இல் செல்வி மியூரியல் வாங்கிக் கொடுத்தது. பற்றுச்சீட்டு இல்லை. அந்தப் பெயரை மற்ற எழுத்துகளைவிட அழகாக எழுதினாள். கடிதம் கைமாறி விடாமல் தானே பலாலி வீதி வரை நடந்து போய்த் தபாலில் போட்டாள்.

ஐந்தாம் நாள் மதிப்பீட்டாளர் தேவராஜா வந்தார். கட்டையான மனிதர். குழாயின் வெடித்த மூட்டைத் தடவிப் பார்த்தார், சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தை அளந்தார், மெத்தையை அமுக்கினார். தையல் மெசினைத் திருத்தலாம், கூலிக்கு ஒரு மதிப்பீடு எடுத்து அனுப்புங்கோ என்றார். ஏழாம் இலக்கத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார்.

"கம்பளிக் கோட்டோ? தம்பி, உதைப் போட்டுக்கொண்டு எங்கை போறனீர், பனங்காணிக்கோ?" பிறகு பெயரை வாசித்தார். "எங்கடை சேர்ச்சிலை ஓர்கன் வாசிக்கிற மியூரியலே? அருமையான பிள்ளையெல்லோ!"

"அப்பிடித்தான் கேள்வி" என்றாள் குணலட்சுமி.

தேவராஜா கோட்டை விரித்தார். கூறையின் சாயம் கரைந்து தோள்முட்டிலிருந்து இடுப்பு வரை சிவப்பாய் இறங்கியிருந்தது. உள்துணியில் பூஞ்சணம்.

"இது திருத்த ஏலாது. முழுச் சேதம். ஆனா ஒண்டு தம்பி, மற்ற ஆக்களின்ரை சாமானுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை. இது உம்முடையதோ, அந்தப் பிள்ளையின்ரையோ?"

குணலட்சுமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மியூரியலுடையது என்று அவன் சொன்னால் கந்தோர் எடுக்காது, கோட்டு வீட்டிலேயே கிடக்கும்; ஒருநாள் அவன் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பான்; அவள் மறுபடி வேண்டாம் என்பாள். தன்னுடையது என்று அவன் சொன்னால் இத்தனை வருடமும் தன்னுடையதாகத்தான் வைத்திருந்திருக்கிறான். இரண்டில் எதைச் சொன்னாலும் தன் வயிறு எரியத்தான் போகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ரைதான்" என்றான் சீவரத்தினம். "தந்தவ. நானும் வாங்கினன்."

"சரி. அப்ப ஆறும் ஏழும் முழுச் சேதம்." தேவராஜா கூறையைக் கோட்டின்மேல் மடித்து வைத்து, பையிலிருந்து சணல் கயிறு எடுத்தார். "முழுப் பெறுமதி குடுத்தால் சாமான் கந்தோருக்குச் சொந்தம். பிறகு ஏலத்திலை போகும்."

கோட்டைத் தொலைக்கத்தான் அவள் அந்த வரியை எழுதினாள். இப்போது அவளுடைய கூறையும் அந்தக் கோட்டும் ஒரே கட்டாகக் கட்டப்படுகின்றன. ஒரே சந்தையில், ஒரே மேசையில் கிடக்கப் போகின்றன.

"ஐயோ, கூறையை விடுங்கோ!"

"ஆறாம் இலக்கத்தை எடுத்தால் காசும் போயிடும் பிள்ளை."

"போகத் தேவையில்லை" என்றான் சீவரத்தினம். "பழுதான சாமானை நாங்களே வைச்சிருக்கலாமெண்டு பத்திரத்திலை கிடக்கு. மிச்சப் பெறுமதியைக் கழிச்சுக்கொண்டு தாங்கோ. கூறையை வைச்சிருக்கிறம்."

"வாசிச்சுத்தான் வைச்சிருக்கிறீர். கோட்டு?"

"கொண்டு போங்கோ."

சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சை அவள் எண்ணி வைத்துக்கொண்டாள்; பின்னாளில் சொல்லிக்காட்ட உதவும்.

தேவராஜா சைக்கிள் கரியரில் கோட்டைக் கட்டினார். கயிறு இறுக, சிவப்புத் தோள்முட்டு வெளியே பிதுங்கி நின்றது. யார் ஏலத்தில் எடுத்தாலும், எந்தக் குளிரில் போட்டாலும் அந்தச் சாயம் இனிப் போகாது. படலையடியில் நின்று சைக்கிள் சந்தி திரும்பும் வரைக்கும் அவள் பார்த்தாள்.

உள்ளே வந்து சாயம் போன கூறையை உதறி மடித்தாள்.

"தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவனுக்கு இரண்டு கரண்டி போதும். அவள் நான்கு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, அவன் முழுவதும் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.