பெரட்டில் நின்ற காண்ட்ராக்டர்

என் மகன் அர்ச்சுனனின் கல்யாணப் பத்திரிகையை எஸ்டேட் வக்கீல், மலாயாவின் கோலா பிலா ஊர்க் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார். அதன் மூலைகளில் நான் தடவிய மஞ்சள் இன்னும் போகவில்லை. வெற்றிலைத் தட்டில் வைத்து, தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்த பத்திரிகை அது. அந்தக் கிராணி இப்போது வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் சாட்சிக் கூண்டில் நின்றேன். எதிரே பெஞ்சில் என் சம்பந்தி தங்கராஜு, பகாவ் டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் அவர் மகள் நீலாவதி. அவள் பக்கத்தில் வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாத அர்ச்சுனன்.

எங்கள் குடும்பத்தில் என் தகப்பனாரும் நானும் பெரட்டில் நின்றவர்கள். விடியும் முன் களத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, வேலையை மேய்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. என் மகன் அப்படி நிற்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்ய ஆள் எடுத்தபோது, தோட்டத்தில் ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதில் அவன் 'தோட்டத்து வேலையாள் அல்ல, சுயேச்சையான காண்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தது. ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வார்த்தையைச் சொல்லித்தான் தங்கராஜு வீட்டில் பெண் கேட்டேன். பத்திரிகையிலும் அச்சடித்தேன். காகிதத்தில் இருந்ததைத்தான் அடித்தேன்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகளுக்குப் பயந்து எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த காலம். வேலியோரத்து மரங்களை வெட்டும்போதுதான் ஒரு மரம் அவன் காலில் விழுந்தது. நட்ட ஈடு கேட்டோம். "காண்ட்ராக்டருக்கு நட்ட ஈடு சட்டத்தில் இல்லை" என்று தோட்டம் பதில் எழுதியது. அவனோடு மரம் வெட்டியவர்கள் வேலைக்குப் பயந்து சாட்சிக்கு வரவில்லை. பக்கத்துத் துண்டு நிலத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நான் ஒருவன்தான் பார்த்தவன்.

தொழிலாளர் சங்கத்து மணியம் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "பெரியவரே, பேரைக் காப்பாத்தணும்னு அங்க நின்னு மீசைய முறுக்காதீங்க. நடந்தத சொல்லுங்க. பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கறது மட்டும் கேசு இல்ல."

"என் மகன் கூலின்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா?"

"கால் போனவன் காண்ட்ராக்டரா இருந்து என்னலா பண்ணப் போறான்?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நடந்தேன்.

"இது நீங்க அடிச்ச பத்திரிகைதானே?" வக்கீலின் இங்கிலீஷை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"ஆமா."

"இதுல 'காண்ட்ராக்டர் அர்ச்சுனன்'னு போட்டிருக்கே. அது உண்மையா, பொய்யா?"

தங்கராஜு நிமிர்ந்து உட்கார்ந்தார். நீலாவதி தலையைத் தூக்கவில்லை. உண்மை என்றால் மகனுக்கு ஒன்றும் இல்லை. பொய் என்றால் சம்பந்தி வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பில்லை.

"தோட்டத்துல கொடுத்த பேரு. அதத்தான் போட்டேன்" என்றேன்.

வக்கீல் சிரித்தார். "ஆக, காண்ட்ராக்டர்தான்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வெள்ளைக்காரர், வயதானவர். "அந்தப் பேரை விடுங்க. காலையில எழுந்ததும் உங்க மகன் எங்க போவார்? அதைச் சொல்லுங்க" என்று அவர் கேட்டதாக மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

நான் தங்கராஜுவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

"பெரட்டுக்குப் போவான்" என்றேன். "எனக்கு ரெண்டு ஆள் தள்ளி நிப்பான். மண்டோரு பேரு கூப்பிடுவாரு. 'இருக்கேன்யா'ன்னு குரல் குடுப்பான்."

தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வக்கீல் உடனே எழுந்தார். "காலையில வரிசையில நிக்கிறது அவசரகாலச் சட்டம் ஐயா. வேலிக் கேட்டுல போலீஸ் எல்லாரையும் நிறுத்திச் சோதனை போடுறாங்க. மேனேஜர் துரையையே நிறுத்துறாங்க!"

"அது கேட்டுலங்க. போலீஸ் காட்டுக்காரங்களுக்குப் போற அரிசியத்தான் தேடுவாங்க, வேலை குடுக்க மாட்டாங்க" என்றேன். "பெரட்டு மண்டோரோடது. எந்த வரிசை, எந்த மரம்னு அவருதான் சொல்லுவாரு."

"கோடாலி யாருடையது?" என்றார் நீதிபதி.

"தோட்டத்தோடது. சாயங்காலம் ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும்."

"வேற தோட்டத்துல வேலை எடுக்கலாமா?"

"எடுத்தா இங்க வராதன்னுட்டாங்க. ஒரு தடவ காய்ச்சல். தனக்குப் பதிலா மச்சான அனுப்பினான். மண்டோரு திருப்பி அனுப்பிட்டாரு. 'ஒன் பேருதான் பெரட்டுல இருக்கு, நீதான் வரணும்'னு சொன்னாரு."

வக்கீல் விடவில்லை. "மரத்துக்கு இவ்வளவுன்னுதானே காசு? மாதச் சம்பளம் இல்லையே?"

"நான்கூட பால் எடைக்குத்தான் காசு வாங்குறேன். என்னை யாரும் காண்ட்ராக்டர்னு கூப்பிடலயே?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அந்த மரம் விழுந்ததைச் சொல்லுங்க" என்றார்.

குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்.

"மரம் வேலிப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. சாஞ்ச பக்கமே விழ வைக்கணும்னான் அர்ச்சுனன். மண்டோரு கணேசமூர்த்தி விடல. 'வேலி ஒடஞ்சா துரைக்கு நான் பதில் சொல்லணும். மேட்டுப் பக்கம் தள்ளு'ன்னாரு. 'அண்ணே, இது திரும்பும்'னான். 'ஒன் வேலை வெட்டுறது, எங்க விழணும்னு நான் சொல்றேன்'னாரு. கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்தாங்க. அடி வெட்டு தாங்கல. மரம் சுத்தித் திரும்பி..."

அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. என்னை இறங்கச் சொன்னார்கள்.

மதியத்துக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பைப் படித்தார். மொழிபெயர்ப்பாளர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒப்பந்தத்தில் எழுதிய பெயரைக் கணக்கில் எடுக்கலாம்; ஆனால் அதுவே முடிவு அல்ல. சொந்தத் தொழில் செய்பவன் தன் ஆளைத் தானே அனுப்புவான், தன் கருவியைக் கொண்டுவருவான், மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதைத் தானே முடிவு செய்வான். இவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. எந்த ஒன்றையும் தனியாக வைத்து அல்ல, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவன் தோட்டத்து வேலையாள். கல்யாணப் பத்திரிகையில் குடும்பம் பெருமைக்கு அச்சடித்த வார்த்தை அதை மாற்றாது. தோட்டம் நட்ட ஈடு கொடுக்க வேண்டும்.

பெருமைக்கு என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கூண்டில் நின்றிருந்தால் அதையும் மறுத்திருப்பேன்.

வெளியே படியில் தங்கராஜு என்னை நிறுத்தினார். "ஏன் சம்பந்தி, பெரட்டுல நின்ன கதைய பொண்ணு கேக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் காண்ட்ராக்டர் மாப்பிள்ளைன்னு சொல்லி வெச்சேன். இனி கடையில யாரு கேட்டாலும் என்னான்னு சொல்றது?"

"கூலி மாப்பிள்ளைன்னு சொல்லுங்க. கோர்ட்டுல ஜெயிச்ச கூலின்னு சேர்த்துச் சொல்லுங்க."

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு!"

நீலாவதி எங்கள் இருவருக்கும் நடுவே வந்தாள். "அப்பா, பஸ் போயிடும். லயத்து வேலிக் கேட்டு மூடுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். அவருக்கு ஒரு கை குடுங்க."

தங்கராஜு மாப்பிள்ளையின் வலது தோளுக்கு அடியில் கை கொடுத்தார்.

நான் உள்ளே திரும்பிப் போய், கோர்ட் கிளார்க்கிடம் பத்திரிகையைக் கேட்டேன். அது கேஸ் கட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், தர முடியாது என்றான்.

"சரி, இருக்கட்டும்" என்றேன். "மஞ்சள் பட்டது. கீழ போட்டு மிதிச்சிடாதீங்க."