டீச்சரின் நாலாவது உயில்

சண்முகக்கனி டீச்சருக்கு மூன்று உயில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் பின்னால் ஒவ்வொரு சண்டை. முதல் உயிலில் வீடு மகனுக்கும் மகளுக்கும் பாதிப் பாதி. மகள் பொன்செல்வி புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு வந்து இறங்கிய வருஷம், அந்தக் கோபத்தில் இரண்டாவது. வீடு முழுக்க மகன் ஆவுடையப்பனுக்கு. மருமகள் ஒரு தீபாவளிக்கு எட்டிப் பார்க்கவில்லை என்று மூன்றாவது. வீடு முழுக்கப் பொன்செல்விக்கு.

மூன்றையும் பதிவு செய்து, நகலைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி டி.வி. பக்கத்தில் வைத்துவிடுவார். கடைசியாக எழுதியதுதான் செல்லும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலாவது எழுத எந்நேரமும் முடியும் என்பதும் தெரியும். அதனால்தான் ஆவுடை ஞாயிறு தவறாமல் கறியோடு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பத்திரம் எழுதுகிற எனக்கு இதெல்லாம் எரிச்சல். உயில் என்ன, நாய்க்குக் காட்டுகிற பிஸ்கட்டா?

ஐந்தாறு மாதம் முன்பு டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் பத்து நாளில் ஆவுடை ஒரு புரோக்கரைக் கூட்டி வந்து வீட்டை அளந்து பார்த்திருக்கிறான். மாடியில் வாடகைக்கு இருப்பவர் டீச்சரிடம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே டீச்சர் எனக்குப் போன் போட்டார். "தம்பி, செல்வி பேர்ல தான செட்டில்மென்ட் எழுது. நான் உயிரோட இருக்க வரை அனுபவம் எனக்கு."

உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கொடுத்துவிடுகிற பத்திரம். நல்ல புத்தி வந்ததே என்று எழுதி வைத்தேன்.

பதிவுக்குக் குறித்த நாளில் காலையிலேயே தாயும் மகளும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். எதிரில்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ். எங்கள் டோக்கன் இருபத்திமூன்று. உள்ளே பதினேழு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் உட்கார்வார், எழுந்திருப்பார், வாசலைப் பார்ப்பார், மறுபடி உட்கார்வார். கைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஆவுடைதான் என்று கேட்காமலே தெரிந்தது.

வரைவை வாங்கி, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முப்பத்தாறு வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்திய கை. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். 'எனக்கு மனம் மாறினால் இதை ரத்து செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டீச்சர், இந்த வரியைப் போட்டா இது செல்லாது. நினைச்சா திருப்பி வாங்கிக்கிடலாம்னா அது தானமே இல்ல."

"அப்போ எதுக்குப்பா இது? மூணாவது உயில்லயே அவ பேருதான இருக்கு?"

"உயில் எப்போ பேச ஆரம்பிக்கும்? நீங்க கண்ணை மூடுன பிறகு. அப்போ ஆவுடை என்ன சொல்லுவான்? 'கூடவே இருந்தவ, மாத்திரையைக் குடுத்து மயக்கி எழுதி வாங்கிட்டா'ம்பான். இல்லன்னு சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. சாட்சி போட்டவன் ஒருத்தனாவது கோர்ட்ல ஏறிச் சொல்லணும். ஒருத்தர் செத்தாச்சு. இன்னொருத்தன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியல."

"இதுல மட்டும் கேஸ் போட மாட்டானாக்கும்?"

"போடட்டும். நீங்களே போய் 'நாந்தான் சுயபுத்தியோட குடுத்தேன், உனக்கென்னல'ன்னு கேக்கலாம். வீடு உங்க சம்பளத்துல வாங்குனது, உங்க பேர்ல இருக்கு. உரிமை இன்னைக்கே செல்விக்குப் போயிரும், வில்லங்கச் சான்றுலயும் ஏறிரும். குடியிருக்கது, மாடி வாடகை வாங்குதது எல்லாம் உங்க ஆயுசு வரை உங்களுக்கு. உங்களை யாரும் எழுப்ப முடியாது."

"நான் மனசு மாறுனா?"

"மாறிக்கிடலாம். வீடு மாறாது."

இருபது என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

அந்நேரம் பார்த்து ஆவுடையின் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை; அப்படியே உள்ளே வந்தான்.

"எம்மா, என்ன காரியம் பண்ணுதிய? யோவ் அண்ணாச்சி, நீருதான் தூண்டி விட்டீரா?"

"ஹெல்மெட்டைக் கழத்திட்டுப் பேசும். யாரு பேசுதான்னே தெரியல" என்றேன்.

கழற்றினான். குரல் இறங்கியது. "எம்மா, உயில்னா சாவி உங்க கையில இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா சாவியைத் தூக்கிக் குடுத்த மாதிரி. நாளைக்கு இவ உங்களை மதிக்கலன்னா என்ன செய்விய? இன்னொரு உயில் எழுதுங்க. அவ பேர்லயே எழுதுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

அவன் சொன்னதில் பாதி நிஜம். சாவியைக் கொடுப்பதுதான் டீச்சரை அப்படி எழுப்பி எழுப்பி உட்கார வைத்தது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

பொன்செல்வியும் பத்திரத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். திடீரென்று எழுந்தாள்.

"எனக்கு வேண்டாம்மா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"ஏன்ளா?"

"உயிலாவே இருக்கட்டும். அது இருந்தா அண்ணன் ஞாயித்துக்கிழமை வருவான். இதைப் போட்டுட்டா வர மாட்டான். அன்னைக்குப் பூரா நீங்க வாசலைப் பாத்துட்டே இருப்பிய. அதை என்னால பாக்க முடியாது."

டீச்சர் மகளைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். 'வருவேம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு என் கடையில் பத்திரமே நடந்திருக்காது. அந்தக் கிழவியின் மனசு எனக்குத் தெரியும். ஆவுடை பைக் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு நின்றான்.

டீச்சர் வரைவை இழுத்தார். தானே சேர்த்த வரியைத் தானே அடித்தார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார்.

"சுத்தமா டைப் அடிச்சு எடுத்துட்டு வா, தம்பி. செல்வி, கண்ணைத் தொடச்சிக்கோ. ஆபீஸ்ல போட்டோ எடுப்பாங்க."

உள்ளே சார் பதிவாளர் கேட்டார். "அம்மா, இது உயில் இல்ல, செட்டில்மென்ட். பிறகு வந்து ரத்து பண்ணுங்கன்னா முடியாது. தெரிஞ்சுதான் எழுதிக் குடுக்கீங்களா?"

"தெரிஞ்சுதான்" என்றார் டீச்சர். ரேகை சரியாக விழாததால் இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது பைக் இல்லை.

நாலு மாதம் ஓடிவிட்டது. ஆவுடை ஒரு வக்கீலைப் பார்த்ததாகவும், அம்மாவே உயிரோடு இருந்து 'நான்தான் கொடுத்தேன்' என்று சொல்லும்போது என்ன கேஸ் போடுவது என்று அவர் கையை விரித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். என் எழுத்து நிலைத்து நின்றுவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். பொன்செல்வி ஒழுகுகிற அடுக்களைக்குத் தளம் போட்டிருக்கிறாள். இனி யாரும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியாது.

இந்த வியாழக்கிழமை டீச்சர் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார்.

"தம்பி, ஒரு உயில் எழுதணும்."

"எதுக்கு டீச்சர்? உங்ககிட்டதான் ஒண்ணும் இல்லையே?"

முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினார். இரண்டு தங்க வளையல். "இது இருக்கே. இதுக்கு எழுதலாம்ல?"

"எழுதலாம். யாரு பேருக்கு?"

"ஆவுடை பேருக்கு." வளையலை மறுபடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "எப்போ வேணா மாத்திக்கிடலாம்ங்கிறதையும் போடு. உயில்னா அப்படித்தானே?"

"அப்படித்தான் டீச்சர்."

"நகல் ஒண்ணு அவன் வீட்டுக்குப் போகணும். சனிக்கிழமைக்குள்ள போயிரணும்."

திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதினேன். சனிக்கிழமை சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.