ஊட்டுக்கு வா சாமி

காளியப்பனின் மகன் மருதாசலம் வீட்டை விட்டுப் போனது 1937ஆம் வருஷம் ஆடி மாதத்தில். பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டாம் முறையும் தேறவில்லை. காளியப்பன் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார். ஒரே அறையில் இருவரும் இருக்கும்போதுகூட, "அவன எண்ணெய் வாங்கியாரச் சொல்லு" என்று மனைவி ராமாத்தாளிடம் சொல்லுவார். அப்படி நாற்பது நாள் போயிற்று. நாற்பத்தோராம் நாள் காலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆளைக் காணோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஓர் அச்சாபீஸில் காளியப்பன் பிழை திருத்துகிறவர். நோட்டீஸ் வாசகம் எழுதிக் கொடுப்பதும் அவர் வேலைதான். கடைக்காரர்கள் விஷயத்தைச் சொன்னால் போதும், எந்தத் தமிழில் எழுத வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். முகூர்த்தப் பட்டு என்றால் செந்தமிழ், கொஞ்சம் வடமொழியும் சேரும். 'மங்கள வைபவங்களுக்கு உகந்த உயர்தரப் பட்டாடைகள்' என்று போட்டால்தான் கல்யாண வீட்டுப் பெரியவர்கள் படியேறுவார்கள். லேகியத்துக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருக்க வேண்டும். முழுக்கப் புரிந்துவிட்டால் மருந்தில் நம்பிக்கை போய்விடும். டூரிங் டாக்கீஸ் நோட்டீஸை ஒருவன் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள், அதனால் வாக்கியம் மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது. அப்போதும் அச்சில் இலக்கணம் பிசகக் கூடாது. வாய்ப்பேச்சு தமுக்கு அடிக்கிறவனுக்கு. காகிதத்தில் அதற்கு இடமில்லை என்பது அவர் கொள்கை.

மகன் போன நாலாம் நாள் சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் எழுதினார். மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"என் குமாரன் மருதாசலம் என்பவன், வயது பதினெட்டு, மாநிறம், இடது புருவத்தில் தழும்புடையவன், நிகழும் ஆடி மாதம் ஐந்தாம் தேதி முதல் காணப்படவில்லை. மேற்படியானைக் காண நேரும் அன்பர்கள் கீழ்க்கண்ட விலாசத்துக்குத் தெரிவிக்கக் கோருகிறேன்."

ராமாத்தாளுக்கு எழுத்து தெரியாது. முழுக்கக் கேட்டாள்.

"ஏனுங்க, இது யாரக் கூப்புடுது?"

"அவனப் பாக்கறவங்கள."

"அப்ப அவன யாரு கூப்புடறது?"

காளியப்பன் காகிதத்தை மடித்துத் தபாலில் சேர்த்தார்.

விளம்பரத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஜோசியர் எழுதியது. மற்றது திருச்சியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் எழுதியது. புருவத்தில் தழும்புள்ள பையன் ஒருவன் கடையில் இலை எடுக்கிறான் என்றிருந்தார். காளியப்பன் போய்ப் பார்த்தார். தழும்பு இருந்தது. பையன் வேறு. திரும்பி வந்ததும் அச்சாபீஸுக்குப் போய், மேசையில் கிடந்த சோப்பு நோட்டீஸில் விட்டுப்போன ஒற்றுக்களைப் போட்டார். உடம்பில் எங்கேயும் வலி இல்லை. பசியும் இல்லை.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் ராமாத்தாள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாஞ் சொல்றத அப்படியே எழுதோணும். திருத்தப்படாது."

அவள் சொன்னாள். அவர் எழுதினார். எழுதும்போது கை நின்று நின்று போயிற்று. 'வீட்டுக்கு' என்று தானாகவே எழுதிவிட்டார். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டவள், "நானு அப்படியா சொன்னேன்?" என்றாள். அடித்துவிட்டு 'ஊட்டுக்கு' என்று எழுதினார்.

மறுநாள் கம்பாசிட்டர் அம்மாசியிடம் காகிதத்தைக் கொடுத்தார். அம்மாசி எழுத்துக் கோத்து, மை தடவி, ஒரு தாள் எடுத்து வந்தான். வழக்கப்படி சத்தமாகப் படித்தான். முதலில் தடுமாறினான். பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்துக்கும் வாயில் வரும் சொல்லுக்கும் நடுவில் அவன் கண் முட்டிக்கொண்டது. இரண்டாம் தடவை எழுத்துக் கூட்டாமல் பேசுகிற மாதிரி சொன்னபோது சரியாக வந்தது. சொல்லி முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, ஜோலார்ப்பேட்டை ரயிலடிவரைக்கும் ஒட்டப் போறீங்களே, அந்தப் பக்கம் ஊடுன்னா வெளங்குமுங்களா?"

"அந்தப் பக்கத்தாளுக்கு வெளங்க வேண்டியது மேல்பாதி. கீழ்பாதி அவனுக்கு வெளங்கினாப் போதும்."

மேல்பாதியில் பழைய விளம்பரமே இருந்தது. வயது, தழும்பு, விலாசம். அது ஊராருக்கு. கோடு போட்டு அதன் கீழே பெரிய எழுத்தில்:

"மருதாசலம், ஊட்டுக்கு வா சாமி. யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம். உனக்குன்னு எடுத்து வெச்சிட்டுத்தான் இருக்கறேன். உங்கய்யன் இனி உங்கூடப் பேசுவாரு. வந்து பாத்துட்டு, புடிக்கலைன்னாப் போயிக்கோ."

ஐந்நூறு அடித்தார்கள். ஈரோட்டிலிருந்து ஜோலார்ப்பேட்டைவரை ரயிலடிகளில் ஒட்டச் சொல்லித் தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்பினார். செவ்வாய்ப்பேட்டைச் சந்தையிலும் ஒட்டினார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கேயே நின்றார்கள். சிலர் மறுபடி படிக்கச் சொன்னார்கள்.

அதைப் பார்த்தவர்களில் அம்மாபேட்டை வீரபாகு முதலியாரும் ஒருவர். தறி வைத்து நெய்ய விடுகிறவர், சேலைக்கடையும் உண்டு. ஐப்பசி பிறந்ததும் அச்சாபீஸுக்கு வந்தார்.

"காளியப்பா, தீவாளிக்கு நூல் சேலை இந்த வருஷம் நெறைய நெய்ஞ்சாச்சு. பட்டுக்கு நீர் எழுதற மாதிரியே எழுதிடும். இதுக்கு மட்டும் வேற மாதிரி வேணும். காட்டுவேலைக்குப் போற பொம்பளைங்க கட்டற சேலை. 'உயர்தர நூலாடை'ன்னு போட்டா அவங்களதுன்னே நெனைக்கறதில்ல."

"வேற எப்படிங்க?"

முதலியார் கொஞ்சம் தயங்கினார். "சந்தையில ஒட்டியிருந்தீரே. உம்ம மனசு நோகச் சொல்லல. அந்த மாதிரி. அதைக் கேட்டுட்டு ஒருத்தியும் நகரல, நானே பாத்தேன்."

அச்சாபீஸ் முதலாளி பக்கத்தில்தான் இருந்தார். "எழுதிக் குடுங்க" என்றார்.

மறுத்திருக்கலாம் என்று காளியப்பனுக்குப் பின்னால் தோன்றியது. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேச்சுத் தமிழில் எழுதிப் பழக்கமில்லாத கைக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். அதுவே வந்தது. பத்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்.

"கடைக்கு வாங்க சாமி. யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம். உங்களுக்குன்னு எடுத்து வெச்சிட்டுத்தான் இருக்கறோம். வந்து பாத்துட்டு, புடிக்கலைன்னாப் போயிக்கோங்க."

அம்மாசி எழுத்துக் கோக்கும்போது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். காளியப்பன் வேறு புரூப்பில் குனிந்திருந்தார். அவன் மறுபடி எழுத்தைக் கோத்தான்.

மூவாயிரம் நோட்டீஸ் போயிற்று. சேலை நன்றாக விற்றது. மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிற வியாபாரிகளும் பொங்கல்வரைக்கும் ஆளுக்கொரு கட்டு நோட்டீஸ் கொண்டுபோனார்கள். எடப்பாடி, திருப்பத்தூர், அதற்கு மேலே கோலார் தங்கவயல்வரைக்கும். வேறு இரண்டு கடைக்காரர்களும் அதே மாதிரி கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் எழுதினார். ராமாத்தாளிடம் இதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது.

தை மாதம் பத்தாம் தேதி ஒரு கார்டு வந்தது. கோலார் தங்கவயல் முத்திரை. எழுத்து மருதாசலத்தினுடையது. காளியப்பன் வாசலில் நின்று ஒருமுறை படித்தார். பிறகு அடுப்படிக்குப் போனார்.

"மருதாசலம் எழுதியிருக்கறான்."

ராமாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் நின்றபடியே படித்தார்.

"மகாராஜராஜஸ்ரீ தகப்பனார் அவர்களுக்கு மருதாசலம் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். தாங்கள் வெளியிட்ட விளம்பரத்தைச் சென்ற மாதம் ஜோலார்ப்பேட்டை ஸ்டேஷனில் கண்டேன். அதைக் கண்டு புறப்படத் தீர்மானித்துச் சம்பளத்துக்குக் காத்திருந்தேன். அச்சமயம் இவ்விடம் சேலை வியாபாரி விநியோகித்த நோட்டீஸிலும் மேற்படி வாசகங்களையே கண்டேன். முதலாவது வாசகம் தாயார் சொன்னது என்று எண்ணியிருந்தேன். இரண்டும் தாங்கள் எழுதியவை என்று இப்போது விளங்கிற்று. என்னைத் தேட வேண்டாம். அடுத்த வாரம் இவ்விடத்தை விட்டு வேறிடம் போகிறேன். தாயாருக்கு என் நமஸ்காரம்."

இந்தக் கடிதம் எழுதுகிற முறையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் காளியப்பன்தான். ஒரு பிழை இல்லை.

ராமாத்தாள் கேட்டாள். "சேலை நோட்டீஸுனா என்னங்க?"

அவர் சொன்னார். யார் கேட்டது, என்ன எழுதினார், எத்தனை அடித்தார்கள், எல்லாவற்றையும். கணக்கு ஒப்பிக்கிற குரலில்தான் சொல்ல முடிந்தது.

"நாஞ் சொன்னதயேவா எழுதுனீங்க?"

"ஆமா."

"சேலைக்கு."

"ஆமா."

அவள் அழவில்லை. எழுந்துபோய், கொதித்துக்கொண்டிருந்த உலையில் அரிசியைப் போட்டாள்.

அன்று ராத்திரி ரயிலிலேயே காளியப்பன் கோலார் தங்கவயலுக்குப் போனார். சுரங்கக்காரர்களின் லயன் வீட்டு வரிசைகளில் இரண்டு நாள் நடந்தார். சேலம் ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவர் மருதாசலம் தங்கியிருந்த இடத்தைக் காட்டினார். முந்தாநாளே போய்விட்டானாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "நல்ல பையனுங்க, எல்லாருக்கும் லெட்டர் எழுதிக் குடுப்பான்" என்றார் அவர். காளியப்பன் சரி என்று தலையை ஆட்டினார்.

அவர் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு காலையில், அவர் அச்சாபீஸுக்குப் புறப்படும்போது ராமாத்தாள் சொன்னாள்.

"இன்னொண்ணு அடிச்சு ஒட்டுங்க."

"சொல்லு, எழுதறேன்."

"எங்கிட்ட ஒண்ணுமில்ல. நாஞ் சொன்னா, இனி அது கடைக்காரன் சொல்ற மாதிரிதான் அவனுக்குக் கேக்கும். நீங்க சொல்லுங்க."

அவர் அன்று முழுக்க அச்சாபீஸில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அன்புள்ள குமாரனுக்கு' என்று ஆரம்பித்தார். ஜவுளி நோட்டீஸ் மாதிரி இருந்தது. 'சாமி' என்று ஆரம்பித்தார். அது அவருடைய சொல் இல்லை, அவர் மகனை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று யோசித்தார். பேரைச் சொல்லித்தான். அதுவும் அதிகமாக இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் எழுதினார்.

"மருதாசலம், அய்யன் பேசறேன். மொத நோட்டீஸு உங்காத்தா சொன்னது. சேலை நோட்டீஸு நானு எழுதுனது. எழுதியிருக்கக் கூடாது. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வா."

அம்மாசி கோத்தான். "மேல்பாதி போடலீங்களா? அடையாளம், விலாசம்?"

"வேண்டாம். இது ஊருக்கில்ல."

ஐந்நூறு அடித்து, முன்போலவே ரயிலடிகளில் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வீரபாகு முதலியார் சித்திரைச் சேலைக்கு வாசகம் கேட்டு வந்தார். காளியப்பன் 'உயர்தர நூலாடை' என்று எழுதிக் கொடுத்தார். முதலியார் படித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மருதாசலத்திடமிருந்து பதில் வரவில்லை. ஆனியில் ஜோலார்ப்பேட்டைக்குப் போய் வந்த ஒருவர், ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸின் மேல் தேயிலை விளம்பரம் ஒட்டிவிட்டார்கள் என்றார். காளியப்பன் அச்சாபீஸுக்குப் போய் அதையே இன்னும் ஐந்நூறு அடிக்கச் சொன்னார்.